புது கார்டு வந்தது, ஆட்டோ டெபிட் நின்றது: கேள்வி பதில்

நாகர்கோவிலில் ஒரு வங்கியின் கார்டு பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் நான். கார்டு மாறியதும் மாதச் சந்தாவும் பிரீமியமும் நின்றுபோகிற விஷயத்தை மட்டும் இன்றைக்குப் பேசலாம். கடன் வட்டி, லாக்கர் எல்லாம் இன்னொரு நாள்.

மார்த்தாண்டத்திலிருந்து: அக்கா, என் கிரெடிட் கார்டில் யாரோ திருட்டுத்தனமாகப் பணம் எடுக்கப் பார்த்ததால் வங்கியே அதை முடக்கிப் புது நம்பரில் கார்டு அனுப்பியது. ஹெல்த் இன்சூரன்ஸ் மாதத் தவணை 7ஆம் தேதி போகவில்லை. புது கார்டைச் சேர்க்கப் பார்த்தேன், அதுவும் ஃபெயில். பாலிசி போய்விடுமா?

பாலிசி போகாது. ஆனால் தள்ளிப் போடாதீர்கள். மாதத் தவணைக்கு 15 நாள் அவகாசம் உண்டு, அதாவது உங்களுக்கு 22ஆம் தேதி வரை. தவணையாகக் கட்டும் பாலிசிக்கு அந்த அவகாச நாட்களிலும் காப்பீடு உண்டு என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஏன் நின்றது என்று பார்ப்போம். 2022 அக்டோபர் 1 முதல் எந்தக் கடையும் நிறுவனமும் நம் கார்டு நம்பரைச் சேமித்து வைக்கக் கூடாது. அவர்களிடம் இருப்பது டோக்கன், நம்பருக்குப் பதிலாக நிற்கும் ஒரு குறியீடு. அது அந்த ஒரு கார்டுக்கும் அந்த ஒரு நிறுவனத்துக்கும் மட்டும் உரியது. மாதாமாதம் எடுத்துக்கொள்ள நீங்கள் ஓடிபி போட்டுக் கொடுத்த அனுமதியும் பழைய கார்டின் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. நம்பர் முடங்கியதும் இரண்டும் சேர்ந்து போய்விடும். புது கார்டைப் பழைய நிறுவனங்களோடு இணைக்க வங்கி உங்களிடம் வெளிப்படையாகச் சம்மதம் கேட்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021இலேயே சொல்லியிருக்கிறது. அப்படிக் கேட்டு நீங்கள் சரி என்று சொன்ன நினைவு இல்லையென்றால், எதுவும் தானாக மாறவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் வங்கி உங்களுக்கு அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். 7ஆம் தேதி தவணைக்கு 6ஆம் தேதிக்குள் மெசேஜ் வந்திருக்க வேண்டும். அது வரவில்லை என்றால் மறுநாள் பணம் போகப்போவதில்லை என்று அப்போதே தெரிந்துவிடும்.

இனி, புது கார்டு ஏன் சேரவில்லை? ஓடிபி வந்த பிறகு ஃபெயில் ஆனதா, ஓடிபி பக்கமே வராமல் ஃபெயில் ஆனதா? வரவே இல்லை என்றால் முதல் சந்தேகம் ஆன்லைன் சுவிட்ச் மேல்தான். புதிதாகவோ மாற்றியோ தரும் எந்தக் கார்டும் இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் செருகிப் பயன்படுத்த மட்டுமே திறந்திருக்கும். ஆன்லைன், தட்டிப் பணம் கட்டுவது, வெளிநாடு மூன்றும் மூடியே வரும். 2020 முதல் இதுதான் விதி. பழைய கார்டில் நீங்கள் திறந்து வைத்திருந்தது புதியதற்கு ஒட்டி வராது.

ஆகவே முதலில் கார்டை ஆக்டிவேட் செய்து பின் நம்பரைப் போடுங்கள். வங்கி ஆப்பில் ஆன்லைனைத் திறங்கள். பிறகு இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பக்கத்தில் பழைய கார்டை நீக்கிவிட்டுப் புதியதைச் சேர்த்து ஓடிபி போடுங்கள். விட்டுப்போன தவணையை இதை நம்பி விடாதீர்கள். புது அனுமதி அடுத்த தவணையிலிருந்துதான் வேலை செய்யும் என்று வைத்துக்கொண்டு, இந்த மாதத்தைத் தனியாக யுபிஐயிலோ நெட்பேங்கிங்கிலோ கட்டி ரசீதை எடுத்து வையுங்கள். அதே தவணையைக் கார்டிலும் எடுக்கிறார்களா என்று ஒரு வாரம் கவனியுங்கள்.

மார்த்தாண்டம் மறுபடி: ஆன்லைன் ஆஃபில்தான் இருந்தது அக்கா. திறந்ததும் ஓடிபி வந்துவிட்டது. 6ஆம் தேதி மெசேஜையும் தேடினேன், இல்லை.

நல்லது. இந்த மாதத் தவணையை இன்றைக்கே கட்டிவிடுங்கள்.

தக்கலையிலிருந்து: டெபிட் கார்டு தொலைந்து புதுசு வாங்கினேன். வீட்டுக்கடன் இஎம்ஐக்கு அந்தக் கார்டு நம்பரைப் போட்டுத்தான் ஆட்டோ டெபிட் கொடுத்தேன். நிற்குமா மேடம்?

நிற்காது தம்பி. அன்றைக்குக் கார்டு நம்பரைக் கேட்டது, கணக்குக்காரர் நீங்கள்தான் என்று சரிபார்க்க. பதிவானது உங்கள் கணக்கு எண். கார்டு பத்து தடவை மாறினாலும் கணக்கு எண் மாறாதவரை பணம் போகும். பாஸ்புக்கில் அந்த வரியைப் பாருங்கள். ACH அல்லது NACH என்ற எழுத்துகள் இருந்தால் அது கணக்கிலிருந்து போவது, கார்டு இதில் சம்பந்தமே இல்லை. யுபிஐ ஆட்டோபேயும் அப்படித்தான், அது கணக்கோடு கட்டப்பட்டது. பழைய யுபிஐ பின் நம்பரே போதும்.

டெபிட் கார்டை நேரடியாகப் பதிந்து வைத்த சந்தாக்கள் வேறு கதை. படம் பார்க்கிற ஆப், பாட்டு ஆப் மாதிரி. அவை மார்த்தாண்டத்துக்காரரின் கதைதான்.

குளச்சலிலிருந்து: நான் மஸ்கட்டில் இருக்கிறேன். கார்டு நம்பர் அதேதான், காலாவதித் தேதி மட்டும் மாறிப் புது கார்டு ஊருக்கு வந்திருக்கிறது. நண்பர் ஒருவருக்கு எல்லாம் தானாக ஓடியது. எனக்கு ஒன்று ஓடியது, ஒன்று நின்றது. இது எப்படி?

நம்பர் மாறாமல் தேதி மட்டும் மாறும்போது டோக்கன் பிழைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. வங்கியும் கார்டு நெட்வொர்க்கும் அதன் பின்னால் புதுத் தேதியை ஏற்றினால் கடைக்காரருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் டோக்கன் உயிரோடு இருப்பது வேறு, மாதாமாதம் எடுக்கும் அனுமதி உயிரோடு இருப்பது வேறு. சில பதிவுகளில் அனுமதிக்கே கடைசித் தேதி பழைய கார்டின் காலாவதியோடு முடிகிறது. நண்பருக்கு ஓடியதை வைத்து உங்களுக்கும் ஓடும் என்று சொல்ல முடியாது. வங்கி ஆப்பில் இ-மாண்டேட், அதாவது தானாக எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதிகள், என்ற பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றின் முடிவுத் தேதியையும் பாருங்கள்.

உங்களுக்கு இன்னொன்று. புது கார்டின் பின்பக்க மூன்று எண்ணும் மாறியிருக்கும். வீட்டில் யாரையும் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள். ஊருக்கு வரும்வரை அந்தச் சந்தாவை யுபிஐக்கு மாற்ற முடியுமா பாருங்கள்.

குலசேகரத்திலிருந்து: ரப்பர் மானியம் பழைய கார்டுக்கு வந்துவிடுமா?

மானியம் கணக்குக்கு வரும், கார்டுக்கு அல்ல. கவலை வேண்டாம்.

கருங்கலிலிருந்து: என் எஸ்ஐபி நிற்குமா?

தக்கலைத் தம்பிக்குச் சொன்னதுதான். பாஸ்புக்கைப் பாருங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: இதற்கு இவ்வளவு பயமா? வேண்டாத சந்தாவை ஒழிக்க நான் கார்டைத் தொலைந்ததாகச் சொல்லிப் புது நம்பர் வாங்கிவிடுவேன். எல்லாம் ஒரே நாளில் காலி. இதுதான் சுலபம்.

பாதி சரி அண்ணாச்சி. முன்பணம் கட்டிப் பார்க்கிற ஆப்புகள் பணம் வராவிட்டால் சேவையை நிறுத்திவிடும், அதோடு முடிந்தது. எல்லாமே அப்படி இல்லை. பயன்படுத்திய பிறகு பில் வருகிற போன், இன்டர்நெட் இணைப்புகளில் உங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள ஒப்பந்தம் அப்படியே இருக்கிறது. கார்டு செத்தாலும் பாக்கி ஏறும், வசூல்காரர் போன் செய்வார். உங்களுக்கு வேண்டிய இன்சூரன்ஸும் அதே வெட்டில் போகும்.

நாகர்கோவில்: எனக்கு ஒருவரும் போன் செய்யவில்லையே. ஐந்தாறு ஆப்பை இப்படித்தான் விட்டேன்.

அவை முன்பணச் சந்தாக்கள், அதனால்தான்.

இடையில் இரணியலிலிருந்து: அண்ணாச்சி சொல்வது தப்பு. என் கிரெடிட் கார்டு நம்பர் மாறிய பிறகும் ஒரு வெளிநாட்டு சாஃப்ட்வேர்காரன் புது கார்டில் பணம் எடுத்துவிட்டான்.

அப்படியும் நடக்கும். விசா, மாஸ்டர்கார்டு இரண்டிடமும் புது நம்பரைக் கடைக்காரருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு உண்டு. கிரெடிட் கார்டில் நம்பர்தான் மாறுகிறது, உங்கள் கணக்கு பழையதே. உங்கள் விஷயத்தில் அதுதான் நடந்ததா என்பதை ஸ்டேட்மென்ட் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன். வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து, எந்த அனுமதியின் பேரில் எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

நாகர்கோவில்: அப்படியானால் எப்படித்தான் ஒழிப்பது?

இரண்டு இடத்தில். முதலில் ஆப்பிலேயே சந்தாவை ரத்து செய்யுங்கள். பிறகு வங்கியின் இ-மாண்டேட் பட்டியலில் அந்த அனுமதியை நீக்குங்கள். எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. தொலையாத கார்டைத் தொலைந்தது என்று சொல்லாதீர்கள் அண்ணாச்சி. நாளைக்கு உண்மையாகவே ஒரு மோசடி நடந்தால் உங்கள் பேச்சுக்கு வலு இருக்காது.

நாகர்கோவில்: ரத்து செய்கிற பட்டனை அவன் எங்கே ஒளித்து வைக்கிறான் என்று தேடிப் பார்த்திருக்கிறீர்களா?

அந்தக் கோபம் எனக்கும் உண்டு. பட்டன் கிடைக்காவிட்டால் வங்கிப் பக்கத்தையாவது செய்யுங்கள்.

தோவாளையிலிருந்து: பூக்கடை வைத்திருக்கிறேன். கார்டு மாறிய மறுநாளே, ஆட்டோ பேமென்ட் ஃபெயில் ஆகிவிட்டது, இந்த லிங்கில் புது கார்டைப் பதியுங்கள் என்று மெசேஜ் வந்தது. பதியலாமா?

வேண்டாம். அந்த லிங்கைத் தொடவே தொடாதீர்கள். உண்மையிலேயே ஃபெயில் ஆகியிருந்தாலும், நீங்களாக அந்த ஆப்பைத் திறந்துதான் கார்டை மாற்ற வேண்டும். குளச்சல் தம்பிக்குச் சொன்னது உங்களுக்கும்தான்: கார்டின் படமோ, பின்பக்க எண்ணோ, ஓடிபியோ யாருக்கும் போகக் கூடாது. ஓடிபி மெசேஜில் எண்ணை மட்டும் பார்க்காமல் யாருக்கு, எவ்வளவு என்கிற வரியையும் வாசித்துவிட்டுப் போடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

குழித்துறையிலிருந்து: வண்டிக்கடன் இஎம்ஐ டெபிட் கார்டு மாறினால்...

மேலே வாசியுங்கள், மூன்றாவது தடவை இது.

கன்னியாகுமரியிலிருந்து: சின்ன லாட்ஜ் நடத்துகிறோம். எங்கள் வெப்சைட் வெளிநாட்டுக் கம்பெனியில் இருக்கிறது, வருடத்துக்கு 18,000 ரூபாய் அளவில் கார்டில் எடுப்பார்கள். ஆன்லைனைத் திறந்தும் புது கார்டு சேரவில்லை.

வெளிநாட்டு சுவிட்ச் தனி. அதையும் திறக்க வேண்டும், அதன் வரம்பு பூஜ்யத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள். உங்களுக்குக் கூடுதலாக ஒன்று: 15,000 ரூபாய்க்கு மேல் போகிற தானியங்கிப் பணத்துக்கு ஒவ்வொரு தடவையும் ஓடிபி வேண்டும். ஒரு லட்சம் வரை விலக்கு இருப்பது இன்சூரன்ஸ் பிரீமியம், மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பில் மூன்றுக்கும்தான், வெப்சைட்டுக்கு இல்லை. ஆகவே கார்டு சேர்ந்தாலும் அடுத்த வருடம் தானாகப் போகும் என்று நம்பி இருக்காதீர்கள். புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்பு நீங்களே உள்ளே போய்க் கட்டிவிடுங்கள். டொமைன் பெயரும் அதே கார்டில் இருந்தால் அதன் தேதியை இன்றைக்கே பாருங்கள், அது வெப்சைட் தேதியோடு ஒத்திருக்க வேண்டும் என்றில்லை.