வியாபாரம் செய்ய வந்த கம்பெனி நாட்டை ஆளத் தொடங்கியது எப்படி?

"துணி வாங்க வந்த கிழக்கிந்தியக் கம்பெனி கையில் ஆட்சி எப்படிப் போனது?"

திவானி என்ற உரிமையின் வழியாக. முகலாய ஆட்சியில் திவானி என்றால் ஒரு மாகாணத்தின் வரியை வசூலிக்கும் அதிகாரம். 1764இல் பக்சாரில் கம்பெனிப் படை வென்றது. தோற்ற தரப்பில் இருந்த பேரரசர் ஷா ஆலம், மறு ஆண்டு வங்காளம், பீகார், ஒரிசாவின் திவானியைக் கம்பெனிக்கே எழுதிக் கொடுத்தார். பதிலுக்கு அவருக்கு ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய்.

கம்பெனிக்கு இதில் ஏன் அவ்வளவு ஆசை? அதுவரை வங்காளத் துணி வாங்க இங்கிலாந்திலிருந்து வெள்ளியைக் கப்பலில் கொண்டுவர வேண்டியிருந்தது. இனி வங்காள விவசாயி கட்டும் வரியிலேயே துணி வாங்கலாம், சிப்பாய்க்கும் சம்பளம் தரலாம்.

கடைத்தெருவில் ஒரு வாடகைக்காரர், அடியாள் பலத்தோடு, தெரு முழுவதன் வாடகையையும் வசூலிக்கும் உரிமையை உரிமையாளரிடம் எழுதி வாங்குகிறார். அவருக்கு ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் அதே தெருவில் சரக்கு வாங்குகிறார். கிட்டத்தட்ட அதுதான் நடந்தது.

1757 பிளாசிப் போரோடு கம்பெனி ஆட்சி வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் போருக்குப் பின்னும் வரி வசூல் பெரும்பாலும் வங்காள நவாபின் பெயரில்தான் நடந்தது.