31-ஆம் தேதி சேர்ந்தேன், 28-ஆம் தேதி பணம் எடுத்தார்கள்: சந்தா திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: சேலத்தில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறேன். நான் ஒருத்தி மட்டும்தான், ஆள் யாரும் வைத்துக்கொள்ளவில்லை. கல்யாண ஆல்பம் டிசைன் செய்ய ஒரு சாஃப்ட்வேருக்கு 2025 ஜனவரி 31 அன்று மாதச் சந்தா கட்டினேன். மாதம் ரூ.1,499, கிரெடிட் கார்டில் ஆட்டோ டெபிட். அடுத்த தவணையை பிப்ரவரி 28-இல் எடுத்தார்கள். மார்ச்சோடு நிறுத்திவிடலாம் என்று மார்ச் 29 அன்று கேன்சல் செய்தேன். ஆனால் முந்தைய நாள், 28-ஆம் தேதியே, அடுத்த மாதப் பணத்தை எடுத்திருந்தார்கள். கேட்டால், "உங்கள் பில்லிங் தேதி 28, ஒருமுறை எடுத்த பணம் திரும்பத் தரப்படாது" என்கிறார்கள். விதிமுறையில் "நீங்கள் சேர்ந்த தேதியிலேயே ஒவ்வொரு மாதமும் கட்டணம் எடுக்கப்படும்" என்றுதான் இருக்கிறது. மாதாமாதம் மூன்று நாள் என்னை ஏமாற்றுகிறார்கள் என்று வழக்குப் போடலாமா?

பதில்: பணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்கு நல்ல அடிப்படை இருக்கிறது. ஆனால் "மாதாமாதம் மூன்று நாள்" என்று எழுதிவிடாதீர்கள். அது கணக்குப்படி தவறு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் அந்த வரியைத்தான் பிடிப்பார். உண்மையில் என்ன நடந்தது என்பதை முதலில் பார்ப்போம்.

பிப்ரவரி 28-இல் எடுத்ததில் தவறே இல்லை. அந்த மாதத்தில் 31 கிடையாது, ஆகவே மாதத்தின் கடைசி நாளில் எடுத்தார்கள். தவறு மார்ச்சில்தான் வந்தது. சந்தா எந்தத் தேதியில் தொடங்கியதோ அதுதான் நங்கூரத் தேதி. சரியாக எழுதப்பட்ட பில்லிங் மென்பொருள் ஒவ்வொரு தடவையும் அந்தத் தேதிக்குத் திரும்பிப்போய் எண்ணும்: ஜனவரி 31-இலிருந்து ஒரு மாதம் பிப்ரவரி 28, இரண்டு மாதம் மார்ச் 31, மூன்று மாதம் ஏப்ரல் 30. உங்கள் நிறுவனத்தின் மென்பொருள் கடைசி பில்லிலிருந்து எண்ணியிருக்கிறது. பிப்ரவரி 28-உடன் ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 28, அதோடு இன்னொரு மாதம் கூட்டினால் ஏப்ரல் 28. ஒரு பிப்ரவரியைக் கடந்ததுமே 31 என்ற தேதி மறைந்து, சந்தா நிரந்தரமாக 28-க்கு இறங்கிவிடுகிறது. 29, 30 தேதிகளில் சேர்ந்தவர்களுக்கும் இதே கதிதான். ஆகஸ்ட் 31-இல் சேர்ந்தவருக்கு இரண்டு படியாக நடக்கும்: செப்டம்பரில் 30-க்கு இறங்கும், ஜனவரி வரை 30-இலேயே நிற்கும், பிப்ரவரியில் 28-க்கு இறங்கும்.

அப்படி இறங்கும்போது மூன்று நாள் பறிபோவது ஒரே ஒரு தடவைதான். பிப்ரவரி 28 முதல் மார்ச் 28 வரையிலான அந்த ஒரு தவணை மட்டும் மூன்று நாள் குறைவு. அதற்குப் பின் 28 முதல் 28 வரை முழு மாதம் கிடைத்துக்கொண்டே இருக்கும். ரூ.1,499-ஐ 31 நாளுக்குப் பிரித்தால் மூன்று நாளின் மதிப்பு சுமார் ரூ.145. அந்த 145 ரூபாய்க்காக மட்டும் என்றால் வழக்கு வேண்டாம் என்பேன். உங்கள் உண்மையான இழப்பு வேறு. மார்ச் 31 வரை கேன்சல் செய்ய அவகாசம் இருக்கிறது என்று ஒப்பந்தத்தை நம்பி, அந்த அவகாசத்துக்குள் கேன்சல் செய்தீர்கள். ஆனால் தேதி நழுவியதால் முழு மாதக் கட்டணமும் போய்விட்டது. நாம் கேட்க வேண்டியது அந்த ரூ.1,499-ஐ.

இனி சட்டம். 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாஸஸ் சட்டம், பிரிவு 3(35)-இன்படி, மாதம் என்றால் காலண்டர் மாதம். அந்தச் சட்டம் நேரடியாக விளக்குவது நாடாளுமன்றச் சட்டங்களில் வரும் சொற்களைத்தான். என்றாலும் தனியார் ஒப்பந்தத்தில் வேறு பொருள் சொல்லப்படாதவரை அங்கும் மாதத்தைக் காலண்டர் மாதமாகவே நீதிமன்றங்கள் கொள்கின்றன. மாதங்களை எண்ணுவது எப்படி என்பதை ஹிமாச்சல் டெக்னோ எஞ்சினியர்ஸ் வழக்கில், 2010-இல், உச்ச நீதிமன்றம் விளக்கியது. நடுவர் தீர்ப்பை எதிர்த்து மனுப்போட மூன்று மாத அவகாசம் உண்டு. அதை 90 நாள் என்று எண்ண முடியாது, தொடங்கிய தேதிக்கு நேரான தேதியில்தான் அவகாசம் முடியும் என்றது நீதிமன்றம். இடையில் எந்த மாதங்கள் வருகின்றன என்பதைப் பொறுத்து அது 89 நாளாகவும் இருக்கலாம், 92 நாளாகவும் இருக்கலாம்.

நேரான தேதியே இல்லாத மாதத்துக்கு என்ன வழி என்பதற்கு டாட்ஸ் எதிர் வாக்கர் என்ற வழக்கில் பதில் இருக்கிறது. 1981-இல், அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த வழக்கு அது. உச்ச நீதிமன்றமும் மேற்சொன்ன தீர்ப்பில் அதைப் பின்பற்றியிருக்கிறது. தொழில் நடத்த இடத்தை வாடகைக்கு எடுத்திருந்த ஒருவருக்கு இடத்தின் உரிமையாளர் செப்டம்பர் 30 அன்று நோட்டீஸ் கொடுத்தார். நான்கு மாதத்துக்குள் வாடகைதாரர் நீதிமன்றம் போயிருக்க வேண்டும். ஜனவரி 31 அன்று போனார். செப்டம்பர் 30 மாதத்தின் கடைசி நாள், எனவே என் கெடுவும் ஜனவரியின் கடைசி நாளில்தான் முடிகிறது என்பது அவர் வாதம். பிரபுக்கள் சபை ஏற்கவில்லை. முப்பதுக்கு நேர் முப்பது, ஆகவே ஜனவரி 30-உடன் கெடு முடிந்தது என்றது. ஒரே ஒரு நாளில் அவர் உரிமை போனது. தேதிக்கு நேர் தேதி என்பதுதான் விதி. அந்தத் தேதி இல்லாத மாதத்தில் மட்டும் கடைசி நாள். இந்த விதி இரண்டு பக்கமும் வெட்டும்: 30-ஆம் தேதி சேர்ந்த ஒருவர் "மாதக் கடைசி" என்று சொல்லி 31 வரை அவகாசம் கேட்க முடியாது. உங்களுக்கோ அது சாதகம். ஜனவரி 31-இலிருந்து இரண்டு மாதம் மார்ச் 31-இல்தான் முடிகிறது.

நம் நாட்டிலேயே இன்னொரு நல்ல ஆதாரம் இருக்கிறது. மொபைல் நிறுவனங்கள் மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் ரீசார்ஜ் திட்டம் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியில் ஆணையிட்டது. அந்தத் தேதி ஒரு மாதத்தில் இல்லையென்றால் அம்மாதத்தின் கடைசி நாளே புதுப்பிக்கும் தேதி என்று அந்த ஆணையே சொல்கிறது. டிராய் ஆணை சாஃப்ட்வேர் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் "எல்லா கம்பெனியும் எங்களைப் போலத்தான் செய்கிறது" என்று அவர்கள் சொன்னால் எடுத்துக்காட்டலாம்.

அவர்கள் தரப்பில் இரண்டு வாதங்கள் வரும். ஒவ்வொரு தவணையும் புது ஒப்பந்தம், பிப்ரவரி 28-இல் தொடங்கியது 28-இல்தான் முடியும் என்பது முதல் வாதம். விதிமுறையில் "முந்தைய கட்டணம் செலுத்திய தேதியிலிருந்து ஒரு மாதம்" என்று எழுதியிருந்தால் இந்த வாதம் நிற்கும், நானும் உங்களுக்கு வேறு ஆலோசனைதான் சொல்லியிருப்பேன். "30 நாள் சந்தா" என்று இருந்தால் கணக்கே வேறு, அடுத்த தவணை மார்ச் 2-இல் வந்திருக்கும். உங்கள் விதிமுறையிலோ "சேர்ந்த தேதி" என்று இருக்கிறது. நீங்கள் சேர்ந்தது ஒரே தடவை, ஆட்டோ டெபிட்டுக்குச் சம்மதம் தந்ததும் ஒரே தடவை. வாசகத்தில் சந்தேகம் இருந்தாலும், அதை எழுதிய தரப்புக்கு எதிராகத்தான் பொருள்கொள்ள வேண்டும் என்பது நிலைத்த கொள்கை.

இரண்டாவது வாதம்தான் கொஞ்சம் கனமானது. ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் கார்டு கொடுத்த வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும், அந்த ஒரு தவணையை நிறுத்தும் வழியும் இருக்க வேண்டும். மார்ச் 27 அல்லது அதற்கு முன்பு வந்த எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சலைத் தேடிப் பாருங்கள். வந்திருந்தால், "28 என்று தெரிந்தும் சும்மா இருந்தார்" என்பார்கள். அந்தத் தகவல் டெபிட்டுக்கு முன்னெச்சரிக்கைதான், ஒப்பந்தத் தேதியை அது மாற்றாது என்பது நம் பதில். நல்லவேளையாக, தேதி தவறிய முதல் தவணையிலேயே நீங்கள் கேள்வி கேட்டுவிட்டீர்கள். ஓராண்டு 28-இல் கட்டிவிட்டு வந்திருந்தால் நடத்தையால் சம்மதித்தீர்கள் என்று சொல்ல இடமிருந்திருக்கும். தகவலே வரவில்லை என்றால் அந்தக் குறை வங்கியுடையது. வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம்.

இன்னொன்றையும் நேர்மையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மார்ச் 31-க்குப் பிறகு அந்த சாஃப்ட்வேரில் லாகின் செய்து வேலை பார்த்தீர்களா? பார்த்திருந்தால் "கேன்சல் செய்தேன்" என்ற பேச்சு வலுவிழக்கும், லாகின் விவரமும் அவர்களிடம் இருக்கும். பார்க்கவில்லை என்றால் முழுத் தொகையும் கேளுங்கள். 145 ரூபாய் தருகிறோம் என்று சமரசத்துக்கு வந்தால் ஏற்க வேண்டாம்.

முதலில் கம்பெனிக்கு மின்னஞ்சல். நீளம் வேண்டாம், இப்படி எழுதினால் போதும்: "என் சந்தா 31.01.2025 அன்று தொடங்கியது. உங்கள் விதிமுறைப்படி, சேர்ந்த தேதியான 31-இல்தான் கட்டணம் எடுக்க வேண்டும். பிப்ரவரியில் 31 இல்லாததால் 28-இல் எடுத்தது சரி. மார்ச்சில் 31 இருந்தும் 28-இல் எடுத்தது விதிமுறைக்கு முரண். கட்டணம் சேர வேண்டிய நாளுக்கு முன்பே, 29.03.2025 அன்று ரத்து செய்துவிட்டேன். ரூ.1,499-ஐ 15 நாளுக்குள் திருப்பித் தரவும்." ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று பில்களையும், கேன்சல் உறுதிப்படுத்திய மின்னஞ்சலையும், அந்த விதிமுறைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் இணையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை இன்றே எடுத்துவிடுங்கள். உங்கள் மின்னஞ்சல் போன பிறகு அந்தப் பக்கத்தின் வாசகம் மாறலாம்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பணம் எடுத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம், இவ்வளவு சிறிய தொகைக்கு நீதிமன்றக் கட்டணமும் இல்லை. விதிமுறையில் "பெங்களூரு நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம்" என்பது போல இருந்தால் பயப்பட வேண்டாம். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்க பிரிவு 34 வழி தருகிறது. "ஸ்டூடியோவுக்கு வாங்கியது, வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று அவர்கள் நிச்சயம் சொல்வார்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்கு மட்டுமே வாங்கியதை வணிக நோக்கமாகச் சட்டம் கொள்வதில்லை. ஆள் வைக்காமல் நீங்களே ஸ்டூடியோவை நடத்துகிறீர்கள் என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

கம்பெனி பக்கத்தில் கேன்சல் செய்திருந்தாலும் வங்கியில் ஆட்டோ டெபிட் அனுமதி இன்னும் உயிரோடு இருக்கலாம். கார்டு செயலியில் அதையும் தனியாக ரத்து செய்து, ரத்தான தகவலைச் சேமித்து வையுங்கள்.