பீட்ரூட் சாறும் காலை மவுத்வாஷும்

"ஒரு மாசமா தினமும் பீட்ரூட் ஜூஸ் குடிக்கிறேன். பல் டாக்டர் பத்து நாளைக்குக் கொடுத்த குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷையும் விடாம கொப்பளிக்கிறேன். பிபி இறங்கவே இல்லையே, ஏன்? – பாளையங்கோட்டை"

அண்ணாச்சி, எனக்கு அந்த மவுத்வாஷ் மேல்தான் சந்தேகம். பீட்ரூட்டில் இருப்பது நைட்ரேட். அது குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலந்ததும், அதில் ஏறத்தாழ கால் பங்கை உமிழ்நீர்ச் சுரப்பிகள் இழுத்து மறுபடி வாய்க்கே கொண்டுவருகின்றன. அங்கே நாக்கின் பின்பகுதியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, நம் உடம்பின் செல்களுக்கு அந்த வேலை அவ்வளவாக வராது. உமிழ்நீரோடு விழுங்கிய நைட்ரைட் வயிற்று அமிலத்திலும், அப்புறம் ரத்தத்திலும் திசுக்களிலும் நைட்ரிக் ஆக்சைடாகிறது. ரத்தக்குழாயைத் தளர்த்துவது அதுதான். குளோர்ஹெக்சிடின் அந்தப் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடுவதால் நைட்ரேட் நைட்ரேட்டாகவே சிறுநீரில் போய்விடும்.

பல் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அதை நிறுத்துங்கள். ஒரு வாரம் கழித்து, சாறு குடித்து இரண்டரை மணி நேரத்தில் பிபி பாருங்கள், நைட்ரைட் உச்சத்தில் இருப்பது அந்த நேரத்தில்தான். இறங்கினாலும் நாலைந்து புள்ளிதான் இறங்கும், அதனால் மாத்திரையை நீங்களாக விட்டுவிடாதீர்கள்.

பீட்ரூட் அலுத்துப்போனால் சிறுகீரை, பாலக் எதுவும் சரி, ஆனால் வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் நைட்ரேட்டில் பெரும்பகுதி அதோடு போய்விடும். சிறுநீரகக் கல் வந்தவர் என்றால் பீட்ரூட், பாலக் இரண்டிலும் ஆக்சலேட் அதிகம், டாக்டரைக் கேட்காமல் தினமும் வேண்டாம்.