‘10 டன் சிலிண்டர்’ என்று சொன்னால் நம்பி வாங்கலாமா?

கேள்வி: புஷ் ஏற்றுவதற்கு ஒரு சிறிய ஹைட்ராலிக் பிரஸ் செய்கிறேன். 10 டன் தள்ளுவிசை வேண்டும். கையில் இருக்கும் பவர் பேக்கில் ரிலீஃப் வால்வை 160 பாரில் வைத்திருக்கிறேன். விற்பவர் 80 மி.மீ. போர், அதாவது உள்விட்டம், கொண்ட சிலிண்டரைக் காட்டி, “இது 10 டன் சிலிண்டர்தான்” என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். விற்பவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. எந்த அழுத்தத்தில் 10 டன் என்று அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதே 80 மி.மீ. சிலிண்டர் 200 பாரில் கணக்குப்படி 10 டன்னுக்குச் சற்று மேலேயே தள்ளும். உங்கள் 160 பாரில் 8.2 டன்னோடு நின்றுவிடும். 700 பாரில் ஓடும் ஜாக்குகளில் 10 டன்னுக்கு 43 மி.மீ. பிஸ்டனே போதும். அழுத்தத்தைச் சொல்லாத டன் கணக்கை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கணக்கை நீங்களே போட்டுவிடலாம். விசையை அழுத்தத்தால் வகுத்தால் பிஸ்டனின் பரப்பளவு வரும், அதிலிருந்து விட்டம். ஒரு டன் என்பது 9,807 நியூட்டன். 10 டன்னுக்கு 98,070. 10 பார் என்பது ஒரு சதுர மி.மீ.க்கு 1 நியூட்டன். எனவே 160 பாருக்கு 16.

```
A = F / P = 98070 / 16 = 6129 mm²
d = √(4 × A / π) = √7804 ≈ 88.3 mm
```

பலர் இந்த இடத்தில் வருவது ஆரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்தச் சூத்திரம் தருவது விட்டம்தான், இரண்டால் பெருக்கிவிடாதீர்கள்.

88.3 என்பது இழப்பே இல்லாத உலகத்துக் கணக்கு. பிஸ்டன் சீலும் ராடு சீலும் உராய்வில் கொஞ்சம் தின்னும். ராடு பக்கத்து எண்ணெய் டேங்குக்குத் திரும்பும்போது எதிர்த்துத் தள்ளும். பம்பிலிருந்து சிலிண்டர் வரையுள்ள ஹோஸிலும் வால்விலும் எண்ணெய் ஓடும்போது அழுத்தம் குறையும். இவற்றுக்கெல்லாம் சேர்த்துப் பத்து சதவீதம் விட்டுவைப்பது நியாயமான பழக்கம். பரப்பளவை 0.9 ஆல் வகுத்தால் 6810 சதுர மி.மீ., விட்டம் 93 மி.மீ. வருகிறது.

93 மி.மீ. போர் கடையில் கிடைக்காது. வழக்கமான அளவுகள் 50, 63, 80, 100, 125 என்று போகும். கணக்குக்கு அடுத்து மேலே இருக்கும் அளவைத்தான் எடுக்க வேண்டும், பக்கத்தில் இருப்பதை அல்ல. ஆக, உங்களுக்கு 100.

போரைப் பெரிதாக்கினால் வேகத்தில் விலை கொடுக்க வேண்டும், இதை விற்பவர்கள் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். பம்ப் நிமிடத்துக்கு 10 லிட்டர் தருகிறது என்று வையுங்கள். 80 மி.மீ. சிலிண்டரின் ராடு நொடிக்கு 3.3 செ.மீ. வெளியே வரும், 100 மி.மீ. சிலிண்டரில் 2.1 செ.மீ. புஷ் ஏற்ற இது போதும். மெதுவாக வந்தால் நேராக உட்காருகிறதா என்று பார்க்கவும் வசதி. வேகம் முக்கியமான வேலையாக இருந்தால் பம்பையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கும்.

ராட்டின் தடிமன் தள்ளுவிசையை மாற்றாது. தள்ளும்போது எண்ணெய் பிஸ்டனின் முழு முகத்திலும் அழுத்துகிறது. ஆனால் ஸ்ட்ரோக் நீளமாக இருந்து ராடு மெல்லியதாக இருந்தால் பளுவில் வளைந்துவிடும். இழுக்கும் வேலையும் உண்டென்றால் ராட்டின் பரப்பளவைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

சரி, வாங்கப் போகும்போது எதைப் பார்ப்பது? “100” என்றால் குழாயின் வெளிவிட்டமா உள்விட்டமா என்று கேளுங்கள். வெளியிலிருந்து காலிப்பரை வைத்துவிட்டு 100 என்பவரும் உண்டு. சுவர்த் தடிமனைக் கழித்தால் அது 80 ஆகவே இருக்கலாம். பில்லில் போர், ராடு, ஸ்ட்ரோக் மூன்றையும் 100/56/300 என்பது போல எழுதி வாங்குங்கள். தாங்கக்கூடிய அழுத்தம் 160 பாருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அதையும் எழுத்தில் கேளுங்கள்.

பொருத்தியபின் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 100 மி.மீ. சிலிண்டர் முழு 160 பாரில் கணக்குப்படி 12.8 டன் தள்ளும். உங்கள் பிரஸ் சட்டத்தை 10 டன்னுக்கு மட்டும் வெல்டிங் செய்திருந்தால் அது ஆபத்து. ரிலீஃப் வால்வை 140 பாருக்கு இறக்குங்கள். இழப்பு போக 10 டன் கிடைத்துவிடும். ராடு பளுவில் முட்டி நிற்கும்போது கேஜ் காட்டும் எண்தான் சிலிண்டருக்குள் இருக்கும் உண்மையான அழுத்தம், வால்வை அதைப் பார்த்துத் திருகுங்கள். ராடு சும்மா ஓடும்போது கேஜ் காட்டும் எண்ணை வைத்து அமைக்கக் கூடாது.