‘வெஜிடேரியன்’ என்று எழுதினால் போதாது

வணக்கம் அம்மா. பள்ளிப் பயணத்தில் தான் தங்கப்போகும் ஜப்பானிய வீட்டாருக்கு உங்கள் மகள் எழுதிய கடிதத்தைப் பார்த்தேன். உயர்நிலை மூன்றில் இருந்துகொண்டு இவ்வளவு எழுதியிருக்கிறாள், பாராட்டுகிறேன். ஆனால் இதை அப்படியே அனுப்ப வேண்டாம்.

கடிதத்தில் பாதி அவளுடைய ஜப்பானிய மொழி இல்லை. ஆசிரியரோ அக்காவோ திருத்திக் கொடுத்தது போல இருக்கிறது. படிக்கிறவர்கள் இவளுக்கு நன்றாகப் பேச வரும் என்று நம்பி, கடினமான காஞ்சி எழுத்தில் நீளமாகப் பதில் போடுவார்கள். போய் இறங்கிய அன்று வேகமாகவே பேசுவார்கள். மொழி மையத்தில் படித்த வாக்கியங்களையே, எளிய எழுத்தான ஹிராகானாவிலேயே எழுதட்டும். அவளுடைய எழுத்தைப் பார்த்தாலே எவ்வளவு மெதுவாகப் பேச வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

சாப்பாட்டு விஷயம்தான் எனக்குக் கவலை. ‘நான் பெஜிதாரியன்’ என்று ஒரே வரியில் முடித்திருக்கிறாள். முன்பு என்னிடம் வந்த ஒரு பையனும் அப்படித்தான் எழுதினான். வீட்டம்மா தினமும் காலையில் இறைச்சி இல்லாத மிசோ சூப் வைத்தார். அதன் அடிநீர் ‘தஷி’. பெரும்பாலும் கட்சுவோபுஷி என்னும் உலர்ந்த மீன் சீவலைக் கொதிநீரில் ஊறவைத்து வடித்த சாறு. கிண்ணத்தில் மீன் துண்டு இல்லாததால் அவர் கணக்கில் அது சைவம். மூன்றாம் நாள் விவரம் தெரிந்த பையன் சூப்பைத் தொடாமல் வைத்துவிட்டான். தன் சமையல் பிடிக்கவில்லை என்று அவர் வருந்தினார். இரண்டு பேர் மேலும் தப்பில்லை.

உடோன் நூடல்ஸின் சாற்றிலும் தஷி இருக்கும், முட்டையைச் சுருட்டிப் பொரிக்கும் தமாகோயாக்கியிலும் பல வீடுகளில் சேர்ப்பார்கள். கடையில் வாங்கும் ஜப்பானியக் கறி கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ உண்டு. காய்கறி மட்டும் போட்டுச் சமைத்தாலும் அது உள்ளே வந்துவிடும்.

அதனால் முதலில் வீட்டில் பேசி முடிவெடுங்கள். மீன் துண்டு வேண்டாம், சாறு பரவாயில்லை என்பீர்களா? சாறும் கூடாதா? முட்டை உண்டா? நம்மில் பலர் சைவம் என்றால் முட்டையும் சேர்த்துத்தான் தவிர்க்கிறோம், ஆனால் உங்கள் மகள் முட்டை சாப்பிடுவாள் என்றீர்கள். எந்தப் பதிலும் சரிதான். முடிவு தெரிந்தால்தான் வாக்கியம் தெளிவாக வரும்.

சாறும் கூடாது, முட்டை சரி என்றால் இப்படி எழுதலாம். புரிவதற்காகத் தமிழ் எழுத்தில் தருகிறேன், அவள் ஹிராகானாவில் எழுதிக்கொள்ளட்டும்.

நிக்கு தொ சகானா வா தபெரரெமசென். (இறைச்சியும் மீனும் சாப்பிட முடியாது.)
சகானா நொ தஷி மொ தபெரரெமசென். (மீன் தஷியும் முடியாது.)
கொன்பு நொ தஷி வா தபெரரெமஸ். (கொன்பு தஷி சாப்பிட முடியும்.)
தமாகொ, தோஃபு, யசாய், கொஹான் வா தபெரரெமஸ். (முட்டை, தோஃபு, காய்கறி, சோறு சாப்பிட முடியும்.)

கொன்பு என்பது கடற்பாசி. அதிலிருந்தும் தஷி எடுக்கலாம், அதனால் மூன்றாவது வரி அந்த வீட்டம்மாவுக்கு வழி காட்டும். சாப்பிடக் கூடாததை மட்டும் அடுக்கினால் அவர் திகைத்துப் போவார். சாப்பிடுவதைச் சொன்னால் கடைக்குப் போய் வாங்கிவிடுவார்.

இன்னும் மூன்று சொற்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். ‘கிராய்’ என்றால் பிடிக்காது. அப்படி எழுதினால், ‘கொஞ்சம் ருசித்துப் பார்’ என்று அன்பாக நீட்டுவார்கள். ‘தாய்ஜோபு’ என்றால் பரவாயில்லை. அது ‘வேண்டாம்’ என்றும் பொருள்படும், சாப்பாட்டுப் பட்டியலில் குழப்பம். ‘அரெருகீ’ என்று மட்டும் எழுதவே கூடாது. ஒவ்வாமை என்று நம்பி அவர்கள் பாத்திரம்கூட மாற்றுவார்கள், பள்ளியின் உடல்நலப் படிவத்தோடும் முரண்படும். காரணம் சொல்ல விரும்பினால் ‘ஷூக்யோ நொ ரியூ தெ’, மதக் காரணத்தால், என்று ஒரு சொல் போதும்.

தன்னைப் பற்றி நான்கு வரி எழுதினால் போதும். வயது, வீட்டில் யார் யார், என்ன பிடிக்கும், பிறகு ‘உச்சி தெ வா தமிருகொ ஒ ஹனஷிமஸ்’, வீட்டில் தமிழ் பேசுகிறோம். இந்தக் கடைசி வரியை விடவேண்டாம். சிங்கப்பூர் என்றதும் ஆங்கிலமோ சீனமோ பேசுவாள் என்று அவர்கள் நினைக்கலாம்.

புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே பொறுப்பாசிரியர் வழியாக அனுப்புங்கள். படிவத்தில் ‘சைவம்’ என்று டிக் மட்டும் செய்திருந்தால் சாப்பாட்டைப் பற்றிய அந்த நான்கு வரிகளையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், முதல் இரவுக்கு ஒரு கேள்வி மனப்பாடமாக இருக்கட்டும். தோஃபு மேல் மெல்லிய சீவல் கிடந்தால், அல்லது சூடான பண்டத்தின் மேல் ஆவியில் நெளிந்தால், அது கட்சுவோபுஷியாக இருக்கும். கையால் காட்டி, ‘கொரெ வா சகானா தெஸ் கா?’, இது மீனா, என்று சாப்பிடத் தொடங்கும் முன்னே கேட்கட்டும்.