நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட எந்த மாற்று விகிதம்?

"யூரோவிலும் டாலரிலும் நன்கொடை வருகிறது, செலவு உள்ளூர்ப் பணத்தில். அறிக்கை அனுப்பும் நாளின் விகிதத்தைப் போட்டால் கணக்கு இடிக்கிறது. என்ன செய்வது?"

அறிக்கை நாளின் விகிதத்தை விட்டுவிடுங்கள். அந்தப் பணம் அந்த விகிதத்தில் மாறவே இல்லையே! வங்கி உங்களுக்கு உண்மையில் மாற்றிக்கொடுத்த விகிதம்தான் நியாயமானது.

ஒருவர் 10,000 யூரோ கொடுத்தார் என்று வையுங்கள். முதலில் 4,000 யூரோவை 90 வீதம் மாற்றினீர்கள், கிடைத்தது 3,60,000. பிறகு 6,000 யூரோவை 95 வீதம், 5,70,000. மொத்தம் 9,30,000. அதை 10,000ஆல் வகுத்தால் 93. இந்த நன்கொடைக்கு இதுதான் விகிதம். 4,65,000 செலவானால் 5,000 யூரோ என்று எழுதுங்கள்.

அறிக்கை நாளில் விகிதம் 100 என்றால் அதே செலவு 4,650 யூரோவாகத் தெரியும். மீதி 350 யூரோ கையில் இருப்பதாக நன்கொடையாளர் நினைப்பார், அவர் மீது தவறில்லை. 90, 95 இரண்டின் வெறும் சராசரியும் (92.5) உதவாது. முழுத் தொகையும் செலவானதும் கணக்கு 10,054 யூரோ காட்டும், வந்ததைவிட அதிகம்! விகிதம் தவறு என்பதற்கு அதுவே அடையாளம்.

வங்கிக் கட்டணத்தைத் தனிச் செலவாகக் காட்டினால் விகிதத்தில் மறுபடி கழிக்காதீர்கள். ஒவ்வொரு நன்கொடைக்கும் தனித்தனி விகிதம் வையுங்கள், மாற்றியதற்கான வங்கிச் சீட்டையும் கோப்பில் சேருங்கள். ஒப்பந்தத்தில் வேறு விகிதம் குறிப்பிட்டிருந்தால் மட்டும் அதன்படி போக வேண்டும், ஆகவே முதலில் அதைப் படித்துப் பாருங்கள்.