ஜெர்மன் உணவகத்தில் ஆர்டர், முந்திரி அலர்ஜி, தனித்தனி பில்

கேள்வி: அடுத்த மாதம் வேலைக்காக லைப்ஸிக் போகிறேன். ஜெர்மன் ஏ2 முடித்திருக்கிறேன். எனக்கு முந்திரி ஆகாது. ஆபீஸ் ஆட்களோடு வெளியே சாப்பிடப் போனால் எப்படி ஆர்டர் செய்வது, அலர்ஜியை எப்படிக் கேட்பது, என் பங்கை மட்டும் எப்படிக் கட்டுவது? பேச்சு ஜெர்மனில் சொல்லுங்கள்.

பதில்:

ஆர்டர் செய்வது சுலபம். "இஷ் ஹெட்டெ கெர்ன்" என்று ஆரம்பித்து, வேண்டியதன் பெயரைச் சொல்லி, "பிட்டெ" என்று முடித்தால் போதும். "இஷ் நேமெ" என்றும் சொல்லலாம். "இஷ் வில்" மட்டும் வேண்டாம், குழந்தை அடம்பிடிப்பது போல இருக்கும். வெறுமனே தண்ணீர் கேட்டால் பெரும்பாலும் காசுக்கு ஒரு பாட்டில் வரும், அதுவும் சோடாவாக இருக்கலாம். சாதாரணத் தண்ணீர் என்றால் "ஷ்டில்லெஸ் வாஸர்" என்று கேளுங்கள்.

அலர்ஜிதான் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம். என் மனைவிக்கும் முந்திரி ஆகாது, அதனால் எங்கள் வீட்டில் இது வாடிக்கையான விசாரணை. மெனு அட்டையில் பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன எழுத்துகள் இருக்கும். 2014 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 14 வகை அலர்ஜிப் பொருட்கள் உணவில் இருந்தால் அதைத் தெரிவித்தாக வேண்டும். முந்திரி அதில் "ஷாலென்ஃப்ரூஷ்டெ" என்ற வகைக்குள் வருகிறது. நிலக்கடலை தனி வகை. ஜெர்மனியில் எழுத்துகள் எல்லாக் கடைக்கும் ஒன்றல்ல, எனவே அட்டையின் கடைசிப் பக்கத்தில் உள்ள விளக்கத்தைப் பாருங்கள். எழுத்தே இல்லாவிட்டால் "ஹாபென் ஸீ ஐனெ அலெர்கேன்லிஸ்டெ?" என்று கேளுங்கள். வாயால் மட்டும் தகவல் சொல்லும் கடையும், கேட்டால் காட்ட எழுத்துப் பட்டியல் ஒன்று வைத்திருக்க வேண்டும்.

உதாரணத்துக்குப் பெஸ்டோ பாஸ்தாவை எடுத்துக்கொள்வோம். பைன் கொட்டை விலை அதிகம் என்பதால் பல தயார்ப் பெஸ்டோக்களில் முந்திரி சேர்க்கிறார்கள். வீகன் சாஸ், வீகன் சீஸிலும் அது அடிக்கடி உண்டு. முதலில் "இஷ் ஹாபெ ஐனெ கேஷு-அலெர்கீ" என்று சொல்லிவிட்டு, "இஸ்ட் இம் பெஸ்டோ கேஷு ட்ரின்?" என்று கேளுங்கள். "ட்ரின்" தான் பேச்சு வழக்கு.

"முந்திரி இல்லைதானே?" என்று நம் வழக்கப்படி கேட்காதீர்கள். தமிழில் "ஆமாம், இல்லை" என்று பதில் வரும். ஜெர்மனில் அதே கேள்விக்கு "நைன்" என்றால் இல்லை, "டோஹ்" என்றால் இருக்கிறது. அவசரத்தில் ஒரு "யா" வந்தால் எதற்கு யா என்றே புரியாது. "இருக்கிறதா?" என்று நேராகக் கேட்டால் யா, நைன் இரண்டும் தெளிவு.

அப்புறம், "அய்கென்ட்லிஷ் நிஷ்ட்" என்று பதில் வந்தால் நிம்மதியடைய வேண்டாம். "வழக்கமாக இருக்காது" என்பதுதான் அதற்குள் இருக்கும் சேதி. உடனே "க்யொன்னென் ஸீ பிட்டெ இன் டேர் க்யூஷெ நாஹ்ஃப்ராகென்?" என்று சொன்னால் உள்ளே போய்க் கேட்டு வருவார்கள். அந்த 14 பொருட்களின் விதி, சேர்த்துச் சமைத்த பொருளுக்குத்தான். தற்செயலாகக் கலந்த துளிக்கு, அதாவது "ஷ்பூரென்"-க்கு, இல்லை. துளி பட்டாலே ஆகாது என்றால் அதையும் தனியாகக் கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் வேறு உணவுக்கு மாறிவிடுங்கள்.

பணம் கட்ட "ட்ஸாலென், பிட்டெ" என்று சொன்னால் பரிசாரகர் இடுப்பிலிருந்து ஒரு தடித்த கறுப்புப் பர்ஸை எடுத்துக்கொண்டு மேசைக்கே வருவார். "ட்ஸுஸாமென் ஓடர் கெட்ரென்ட்?" என்பார், சேர்த்தா தனித்தனியா என்று. "கெட்ரென்ட், பிட்டெ." இதில் தயக்கமே வேண்டாம், அங்கே அது சர்வ சாதாரணம். ஒவ்வொருவராக என்ன சாப்பிட்டோம் என்று சொல்ல வேண்டும்: "இஷ் ஹாட்டெ டீ பாஸ்டா மிட் பெஸ்டோ உன்ட் ஐனெ அப்ஃபெல்ஷோர்லெ." ஆர்டருக்கு ஹெட்டெ, பில்லுக்கு ஹாட்டெ. நடுவில் வைத்து எல்லோரும் பகிர்ந்த ரொட்டி, தண்ணீர் பாட்டில் யார் கணக்கு என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள், கடைசி ஆள் தலையில் விழும்.

பாஸ்தா 14.50, ஜூஸ் 4.20 என்றால் "அஹ்ட்ஸேன் ஸீப்ட்ஸிஷ்" என்பார், அதாவது 18.70 யூரோ. டிப்ஸை மேசையில் வைத்துவிட்டுப் போவதைவிட, மொத்தத் தொகையாகச் சொல்வதுதான் வழக்கம். 5 முதல் 10 சதவீதம் போதும். "ட்ஸ்வான்ட்ஸிஷ், பிட்டெ" என்றால் 20 எடுத்துக்கொள்வார். சரியாக 20 யூரோ நோட்டைக் கொடுத்து மீதி வேண்டாமென்றால் "ஷ்டிம்ட் ஸோ". 50 நோட்டை நீட்டிக்கொண்டே "டாங்கெ" என்று சொல்லாதீர்கள், மீதியை வைத்துக்கொள் என்று எடுத்துக்கொள்ளலாம். மீதி கைக்கு வந்தபிறகு நன்றி சொல்லுங்கள்.

கார்டு என்றால் மெஷினில் தொகையைத் தட்டும் முன்பே 20 என்று சொல்லிவிட வேண்டும். சின்னக் கடைகளில் ரொக்கம் மட்டும் என்பது இன்னும் உண்டு. உட்காரும்போதே "கான் மன் மிட் கார்டெ ட்ஸாலென்?" என்று கேட்டுவிடுங்கள். "நூர் பார்" என்று பதில் வந்தால் பக்கத்தில் ஏடிஎம் எங்கே என்று பாருங்கள்.